இன்டர்வியூவுக்கு வந்தவருக்கு 'வேலை இல்லை' என்று மெயில் எழுதுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கோத்தகிரியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குக் கணக்கர் வேண்டும். ஐந்து பேர் இன்டர்வியூவுக்கு வந்தார்கள். அதில் மூன்று பேர் பொருந்தவில்லை என்பது அன்று மாலையே தெரிந்துவிட்டது. மீதி இரண்டு பேருமே நல்லவர்கள், ஆனால் இடம் ஒன்றுதான். இரண்டு பேரில் ஒருவர் கூடலூர்ப் பெண். பி.காம் முடித்து மூன்று வருடம் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். டேலியும் ஜிஎஸ்டியும் கைவந்தவர். ஆனால் தேர்வானவர் இன்னொருவர். இப்போது கூடலூர்ப் பெண்ணுக்கு மெயில் எழுத வேண்டும்.

மறுப்பு மெயில்களிலேயே எழுதக் கடினமானது இதுதான். பொருந்தாதவருக்கு எழுதுவது சுலபம். வேலைக்கு எடுத்திருக்கலாம் என்று நமக்கே தோன்றும் ஒருவருக்கு எழுதும்போதுதான் கை நடுங்கி, சுற்றி வளைத்து, கடைசியில் அவருக்கு வேலை கிடைத்ததா இல்லையா என்றே புரியாத ஒரு கடிதம் உருவாகிறது. அதனால் இந்த ஒரு மெயிலை மட்டும் எடுத்துக்கொண்டு, தொடக்கம் முதல் முடிவு வரை எப்படிச் செய்வது என்று எழுதுகிறேன். இதை எழுதத் தெரிந்தால் மற்றவை தானாக வரும்.

நீலகிரியில் இதற்குக் கூடுதல் கவனம் தேவை. இங்கே ஆள் எடுக்கும் இடங்கள் குறைவு, எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். இன்று மறுத்த பெண்ணை அடுத்த மாதம் ஊட்டி மார்க்கெட்டில் பார்ப்பீர்கள். அடுத்த வருடம் அவரே உங்கள் தொழிற்சாலையின் கணக்கைத் தணிக்கை செய்ய ஆடிட்டரோடு வந்து உட்காரலாம்.

முதல் படி: இன்டர்வியூ அன்றே தேதி சொல்லுங்கள்

நல்ல மறுப்பு மெயில் இன்டர்வியூ அறையிலேயே தொடங்குகிறது. "சொல்லி அனுப்புகிறோம்" என்று அனுப்பிவைத்தால், வந்தவர் எத்தனை நாள் காத்திருப்பது என்று தெரியாமல் வேறு வேலைக்கும் போகாமல் இருப்பார். கூடலூரிலிருந்து ஊட்டி ஏறி, அங்கே பஸ் மாறி, கோத்தகிரி வர ஏறக்குறைய 80 கிலோமீட்டர். காலை முதல் பஸ்ஸில் கிளம்பி வந்தவர் அவர். "அடுத்த புதன்கிழமைக்குள் எந்த முடிவானாலும் மெயில் வரும்" என்று சொல்லுங்கள். 'எந்த முடிவானாலும்' என்பதை அழுத்திச் சொல்லுங்கள். ஆகவில்லை என்றாலும் பதில் வரும் என்று அவருக்குத் தெரிந்தால்தான் நிம்மதியாக ஊருக்குப் போவார்.

அதே அறையில் இன்னும் இரண்டு வேலைகளை முடித்துவிடுங்கள். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துக் கையோடு திருப்பிக் கொடுங்கள். "இருக்கட்டும், முடிவானதும் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று வாங்கி வைப்பது தவறு. மறுப்புக் கேட்ட பிறகு, அதை வாங்குவதற்காக அவர் இன்னொரு முறை 80 கிலோமீட்டர் வர வேண்டியிருக்கும். அப்புறம், மெயில் முகவரி யாருடையது என்று கேளுங்கள். மலையில் பலர் அண்ணனுடைய முகவரியையோ, விண்ணப்பம் அடித்துக்கொடுத்த பிரவுசிங் சென்டரின் முகவரியையோ கொடுத்திருப்பார்கள். உங்கள் மெயிலை முதலில் படிக்கப்போவது யார் என்பது, அதில் என்ன எழுதலாம் என்பதைத் தீர்மானிக்கும்.

இரண்டாம் படி: எப்போது அனுப்புவது

பொருந்தாத மூன்று பேருக்கும் மறுநாளே அனுப்பிவிடலாம். அவர்களைக் காக்கவைப்பதில் யாருக்கும் லாபமில்லை.

இரண்டாவதாக நின்றவர் விஷயம் வேறு. தேர்வானவர் "வருகிறேன்" என்று எழுத்தில் சொல்லும்வரை அவருக்கு மறுப்பு அனுப்பக் கூடாது. வாயால் சரி சொன்னவர் வீட்டில் பேசிவிட்டு, குன்னூரில் இன்னும் நல்ல சம்பளம் கிடைத்தது என்று பின்வாங்குவது வழக்கமாக நடக்கிறது. மறுத்துவிட்ட பெண்ணை மறுபடி கூப்பிட்டால், தான் மாற்று ஆள் என்பது அவருக்கு உடனே புரியும். வந்தாலும் மனக்கசப்போடுதான் வருவார்.

ஆனால் இதையே சாக்காக வைத்து மாதக்கணக்கில் மௌனமாக இருக்கவும் கூடாது. தேர்வானவருக்குப் பதில் சொல்ல மூன்று நாள் கொடுங்கள். சொன்ன புதன்கிழமை நெருங்கியும் முடிவாகவில்லை என்றால், இப்படி ஒரு சிறு மெயில் போதும்:

> வணக்கம். கணக்கர் பணி பற்றிய முடிவை இந்தப் புதன்கிழமை சொல்வதாகக் கூறியிருந்தோம். இன்னும் இரண்டு நாள் தேவைப்படுகிறது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் உறுதியாகத் தெரிவிக்கிறோம். இதற்கிடையில் வேறு வாய்ப்பு வந்தால் எங்களுக்காகத் தள்ளிப்போட வேண்டாம்.

கடைசி வரி பலருக்குப் பயமாக இருக்கும், நல்ல ஆள் கைவிட்டுப் போய்விடுமே என்று. போனால் போகட்டும். அவருக்கு வேறு இடத்தில் கிடைக்கும் வேலையைத் தடுக்க நமக்கு உரிமை இல்லை.

நேரத்தைப் பொறுத்தவரை, வேலை நாள் காலை 10 மணிக்கு மேல் அனுப்புங்கள். இரவு 11 மணிக்கோ சனிக்கிழமை மாலையோ வரும் மறுப்பு, யாரிடமும் எதுவும் கேட்க முடியாமல் அவரை அப்படியே உட்காரவைத்துவிடும். இரண்டாம் சுற்று வரை வந்தவருக்கு போன் செய்து சொல்லலாமா என்று கேட்பார்கள். என் கருத்து, மெயில்தான் முதலில். போனில் கேட்டதும் அவர் அந்த நொடியிலேயே குரலைச் சரிசெய்துகொண்டு "பரவாயில்லை சார்" என்று சொல்ல வேண்டியிருக்கும். மெயிலைத் தனியாக, தன் நேரத்தில் படிக்கலாம். எஸ்டேட் பக்கம் சிக்னல் விட்டு விட்டு வரும் என்பதால், மெயில் போன பிறகு "முடிவை மெயிலில் அனுப்பியிருக்கிறோம், பார்க்கவும்" என்று ஒரு எஸ்எம்எஸ் மட்டும் தட்டிவிடுங்கள். முடிவை எஸ்எம்எஸ்ஸில் எழுத வேண்டாம்.

மூன்றாம் படி: எழுதும் முன் காரணத்தைத் தேடிப் பிடியுங்கள்

பெரும்பாலான மெயில்கள் கெடுவது இங்கேதான். காரணத்தை நாமே தெளிவாகச் சொல்லிக்கொள்ளாமல் எழுத உட்கார்ந்தால் வார்த்தைகள் மழுப்பும். முதலில் ஒரு தாளில் உங்களுக்காக மட்டும் எழுதுங்கள்: 'இவரை ஏன் எடுக்கவில்லை?'

நம் உதாரணத்தில் பதில் இது. இந்தத் தொழிற்சாலை சிறு விவசாயிகளிடம் பசுந்தேயிலை வாங்குகிறது. தினமும் எடைச் சீட்டு வரும். மாதக் கடைசியில் ஒவ்வொருவரின் இலை வரவையும் கூட்டி, கொடுத்த முன்பணத்தைக் கழித்து, அந்த மாத விலையில் கணக்கு முடித்துப் பணம் போட வேண்டும். 400 விவசாயிகள் இருக்கிறார்கள். பழைய கணக்கர் போய்விட்டார், கற்றுக்கொடுக்க ஆளில்லை. தேர்வானவர் இதே வேலையை வேறொரு தொழிற்சாலையில் செய்தவர். கூடலூர்ப் பெண் ஜிஎஸ்டியில் அவரைவிடத் தேர்ந்தவர், ஆனால் இலைக் கணக்கைத் தொட்டதில்லை.

இது எழுதத் தகுந்த காரணம். எப்படிச் சொல்கிறேன் என்றால், மூன்று கேள்வி கேட்டுப் பார்க்கிறேன். உண்மையா? வேலையைப் பற்றியதா? தெரிந்துகொண்டால் அவர் ஏதாவது செய்ய முடியுமா? மூன்றுக்கும் ஆம் என்றால் எழுதலாம். இலைக் கணக்கைக் கற்றுக்கொள்ள முடியும். அடுத்த தொழிற்சாலைக்குப் போகும் முன் அவர் அதற்குத் தயாராகலாம்.

ஒன்றுக்கு இல்லை என்று வந்தாலும் காரணத்தை விட்டுவிடுங்கள். "கொஞ்சம் அமைதியாக இருக்கிறார்" என்று உங்கள் குறிப்பில் இருந்தால் அது அவர் சுபாவம், கணக்கு வேலைக்குச் சம்பந்தமில்லை. "வீடு தூரம்" என்றிருந்தால், கோத்தகிரியில் தங்கத் தயாரா என்று இன்டர்வியூவில் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் நாமே முடிவுசெய்துவிட்டு மெயிலில் எழுதுவது நியாயமில்லை. கல்யாணம், வயது, குழந்தை, ஜாதி, ஊர் இவை காரணமாக உங்கள் தாளில் வந்திருந்தால், சிக்கல் மெயிலில் இல்லை. முடிவையே திரும்ப எடுத்துப் பாருங்கள்.

சொல்ல முடியாத காரணமும் உண்டு. பழைய இடத்தில் விசாரித்தபோது நல்லபடியாகச் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது காரணமே இல்லாமல், வேறொருவரை எடுத்திருக்கிறோம் என்பதோடு நிறுத்துங்கள். பொய்க் காரணம் மட்டும் வேண்டாம். "அந்தப் பணியிடத்தையே நிறுத்திவிட்டோம்" என்று எழுதினால், திங்கட்கிழமை அந்த நாற்காலியில் வேறொருவர் உட்காருவது மலையில் செவ்வாய்க்கிழமைக்குள் கூடலூர் வரை தெரிந்துவிடும்.

நான்காம் படி: எழுதுவது

முதலில், எப்படி எழுதக் கூடாது என்பதற்கு ஒன்று. இந்த மாதிரி நிறையப் பேருக்கு வந்திருக்கும்:

> தங்களின் மேலான விண்ணப்பத்திற்கு மிக்க நன்றி. பல தகுதிவாய்ந்த நபர்கள் விண்ணப்பித்திருந்த நிலையில், தாங்கள் இப்பணிக்குத் தகுதி பெறவில்லை என்பதை மிகுந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். தங்கள் விண்ணப்பம் எங்கள் கோப்பில் பாதுகாக்கப்படும். எதிர்காலத்தில் வாய்ப்பு ஏற்படின் தொடர்பு கொள்ளப்படும். தங்கள் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள்.

இதில் மரியாதைச் சொற்களுக்குக் குறைவில்லை. ஆனால் 'தகுதி பெறவில்லை' என்பது உண்மையே அல்ல. அவருக்குத் தகுதி இருந்தது, இன்னொருவரை எடுத்தோம். யார் முடிவெடுத்தார்கள் என்பதும் இல்லை. எல்லாம் தானாக நடந்ததுபோல் பாதுகாக்கப்படும், தொடர்பு கொள்ளப்படும் என்று போகிறது. கோப்பைத் திரும்ப யாரும் திறக்கப்போவதில்லை என்பது எழுதியவருக்கும் தெரியும், படிப்பவருக்கும் தெரியும்.

இனி நாம் அனுப்ப வேண்டியது:

> பொருள்: கணக்கர் பணி நேர்காணல் – எங்கள் முடிவு
>
> அன்புள்ள (பெயர்) அவர்களுக்கு,
>
> வணக்கம். சென்ற செவ்வாய்க்கிழமை கூடலூரிலிருந்து வந்து எங்களோடு பேசியதற்கு நன்றி. கணக்கர் பணிக்கு நாங்கள் வேறொருவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். அதனால் இந்த வேலையை உங்களுக்குத் தர முடியவில்லை.
>
> இந்தப் பணியில் சேருபவர் முதல் மாதமே சுமார் 400 விவசாயிகளின் இலைக் கணக்கை முடித்துப் பணம் வழங்க வேண்டும். பயிற்சி கொடுக்க எங்களிடம் இப்போது ஆள் இல்லை. அந்த வேலையை ஏற்கெனவே செய்தவரை எடுக்க வேண்டியிருந்தது.
>
> நாங்கள் கொடுத்த பயிற்சித் தாளில் இருந்த உள்ளீட்டு வரிப் பிழையை நீங்கள் கண்டுபிடித்ததோடு, எந்த பில்லிலிருந்து அது வந்தது என்றும் காட்டினீர்கள். உங்கள் ஜிஎஸ்டி அறிவு எங்களுக்கு நன்றாகத் தெரிந்தது.
>
> உங்கள் ஆதார் நகலை அழித்துவிட்டோம். இந்த டிசம்பர் 31 வரை உங்கள் விண்ணப்பத்தை வைத்திருந்து, வரிக் கணக்குக்கு ஆள் தேவைப்பட்டால் உங்களை அழைக்க விரும்புகிறோம். சம்மதம் என்றால் இந்த மெயிலுக்குப் பதிலாக ஒரு வரி எழுதுங்கள். பதில் வராவிட்டால் விண்ணப்பத்தையும் அழித்துவிடுவோம்.
>
> ஏதாவது கேட்க வேண்டுமென்றால் கீழே உள்ள எண்ணில் காலை 10 முதல் 1 மணிக்குள் அழைக்கலாம்.
>
> அன்புடன்,
> (உங்கள் பெயர், பதவி, தொலைபேசி எண்)

ஒவ்வொரு பகுதியும் ஏன் அங்கே இருக்கிறது என்று பார்ப்போம்.

பொருள் வரி போன் திரையில் மேலே வந்து நிற்கும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கூடப் படிக்கலாம். அதனால் 'மறுப்பு', 'தேர்வாகவில்லை' எதுவும் அங்கே வேண்டாம். 'மகிழ்ச்சியான செய்தி', 'முக்கிய அறிவிப்பு' மாதிரி ஆசை காட்டுவதும் வேண்டாம். எதைப் பற்றிய மெயில் என்று மட்டும் இருக்கட்டும்.

முடிவு முதல் பத்தியிலேயே வருகிறது. நன்றி ஒரே வரி, அடுத்ததே முடிவு. இந்த இரண்டுக்கும் நடுவில் பாராட்டை வைத்துவிடாதீர்கள். மெயிலைத் திறக்கும் ஒருவர் முதலில் தேடுவது ஆமா இல்லையா என்பதைத்தான். நான்கு வரி பாராட்டைப் படித்து மனம் உயர்ந்த பிறகு 'ஆனால்' என்று வந்தால், அந்தப் பாராட்டு முழுவதும் ஏமாற்றாகத் தோன்றும். 'நாங்கள் தேர்ந்தெடுத்திருக்கிறோம்' என்று எழுவாயோடு எழுதுங்கள். முடிவு நம்முடையது என்று ஏற்றுக்கொள்வது படிப்பவருக்குத் தரும் மரியாதை. 'வருந்துகிறோம்' என்று எழுத விரும்பினால் ஒரு முறை எழுதலாம், தவறில்லை. மூன்று முறை எழுதினால் அவர் நம்மைத் தேற்ற வேண்டியதாகிவிடும்.

காரணப் பத்தியில் தேர்வானவரின் பெயரோ ஊரோ சம்பளமோ இல்லை. 'உங்களைவிடச் சிறந்தவர்' என்றும் இல்லை. வேலைக்கு என்ன தேவைப்பட்டது என்பது மட்டும் இருக்கிறது. ஒரே ஒரு காரணம் போதும். இரண்டு மூன்று அடுக்கினால் குற்றப்பத்திரிகை மாதிரி ஆகிவிடும், ஒவ்வொன்றுக்கும் அவர் பதில் தேடத் தொடங்குவார்.

பாராட்டு அவர் உண்மையில் செய்த ஒன்றைப் பற்றியது. பில்லைக் காட்டினார் என்று எழுதும்போது, நாம் கவனித்தோம் என்பது அவருக்குத் தெரிகிறது. "உங்கள் திறமை எங்களைக் கவர்ந்தது" என்ற வரியை மறுக்கும் நான்கு பேருக்கும் அனுப்பலாம், அதனால்தான் அதற்கு மதிப்பில்லை. பொருந்தாதவருக்கு எழுதும்போது இப்படிக் குறிப்பாகச் சொல்ல எதுவும் கிடைக்காவிட்டால், பாராட்டையே விட்டுவிடுங்கள். நன்றியும் முடிவும் போதும்.

விண்ணப்பத்தை வைத்திருப்பது பற்றிய வரி, அப்படி ஒரு வேலை வர உண்மையாகவே வாய்ப்பிருந்தால் மட்டும். தேதி போட்டுச் சம்மதம் கேட்டிருப்பதைக் கவனியுங்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியது. ஒருவர் ஒரு வேலைக்காகக் கொடுத்த விவரத்தை வேறு வேலைக்குப் பயன்படுத்துவதற்கு முன் கேட்பது, சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் முறை. வாய்ப்பில்லை என்றால் அந்தப் பத்தியில் "உங்கள் விண்ணப்பத்தையும் ஆதார் நகலையும் அழித்துவிட்டோம்" என்று மட்டும் இருக்கட்டும், அழித்துவிட்டு எழுதுங்கள். ஆதார் நகல் மேசை டிராயரில் கிடப்பது நல்லதல்ல.

தமிழா ஆங்கிலமா என்று குழம்ப வேண்டாம். அவர் எந்த மொழியில் விண்ணப்பித்தாரோ அதே மொழி. அண்ணன் முகவரிக்கோ பிரவுசிங் சென்டருக்கோ போகும் மெயில் என்றால் காரணத்தையும் பாராட்டையும் எடுத்துவிட்டு, "விவரம் கேட்க அழைக்கலாம்" என்று மாற்றுங்கள். அவர் எதில் தேறினார், எதில் தேறவில்லை என்பது அவருடைய விஷயம்.

ஐந்தாம் படி: அனுப்பும் முன்

பெயரை விண்ணப்பத்தைப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள், இனிஷியலோடு. 'செல்வி', 'திருமதி' ஊகத்தில் போட வேண்டாம், 'அவர்களுக்கு' என்பதே போதுமான மரியாதை. மறுக்கும் நான்கு பேருக்கும் தனித்தனி மெயில் அனுப்புங்கள். நேரம் மிச்சம் என்று எல்லா முகவரியையும் ஒரே வரியில் போட்டு அனுப்பினால், யார் யாரெல்லாம் வந்தார்கள், யாருக்கெல்லாம் கிடைக்கவில்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். குன்னூரில் ஏற்கெனவே வேலையில் இருப்பவர் ஒருவர் அந்த நான்கு பேரில் இருந்தால், அவர் வேலை தேடுகிறார் என்பது அவர் முதலாளி காதுக்குப் போக ஒரு நாள்கூட ஆகாது.

பிறகு வேறு யாராவது ஒருவரைப் படிக்கச் சொல்லி ஒரே கேள்வி கேளுங்கள்: "இவருக்கு வேலை கிடைத்ததா?" உடனே பதில் வரவில்லை என்றால் முதல் பத்தியைத் திரும்ப எழுதுங்கள்.

ஆறாம் படி: பதில் வந்தால்

நன்றி என்று ஒரு வரி வந்தால் அதோடு விட்டுவிடலாம். விண்ணப்பத்தை வைத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தால் காலண்டரில் டிசம்பர் 31-ஐக் குறித்துவையுங்கள். சம்மதம் வராவிட்டால் ஒரு வாரம் பார்த்துவிட்டு அழித்துவிடுங்கள். நினைவூட்டி இன்னொரு மெயில் வேண்டாம்.

"இலைக் கணக்கு எங்கே கற்றுக்கொள்வது?" என்று கேட்டால் நேரம் ஒதுக்கிப் பதில் சொல்லுங்கள். நாம் சொன்ன காரணம் வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். கூடலூர், பந்தலூர் பக்கமே இலை வாங்கும் தொழிற்சாலைகள் இருக்கின்றன, அங்கே மாதக் கணக்கு முடிக்கும் நாட்களில் உதவிக்குப் போய்ப் பார்க்கலாம் என்று சொன்னால் அவருக்கு ஒரு வழி கிடைக்கும்.

"ஒரு மாதம் சம்பளமில்லாமல் வேலை செய்து காட்டுகிறேன், இன்னொரு வாய்ப்பு கொடுங்கள்" என்று வரும் பதில்தான் கஷ்டமானது. படித்ததும் மனம் இளகும். "பார்க்கலாம்" என்று எழுதிவிடத் தோன்றும். எழுதாதீர்கள், அவர் மறுபடி காத்திருக்கத் தொடங்குவார். சம்பளமில்லாமல் வேலை வாங்குவதும் கூடாது. இப்படி எழுதலாம்:

> உங்கள் ஆர்வம் புரிகிறது. இந்தப் பணியிடம் நிரம்பிவிட்டது, அந்த முடிவு மாறாது. சம்பளம் தராமல் நாங்கள் யாரையும் வேலைக்கு வைப்பதில்லை. வரிக் கணக்குக்கு ஆள் எடுத்தால், நீங்கள் சம்மதித்தபடி டிசம்பர் 31-க்குள் நாங்களே அழைக்கிறோம். அதுவரை மற்ற இடங்களில் கட்டாயம் முயன்று பாருங்கள்.

கோபமாக எழுதினாலும் ஒரே ஒரு பதில்தான், அதே முடிவு, அதே காரணம். புதுக் காரணம் எதையும் சேர்க்காதீர்கள். முதல் மெயிலில் இல்லாத காரணம் இரண்டாவதில் வந்தால், முதலில் சொன்னது பொய் என்றுதான் எடுத்துக்கொள்வார். அந்தப் பதிலை எழுதிய அன்றே அனுப்பாமல் மறுநாள் காலை ஒருமுறை படித்துவிட்டு அனுப்புங்கள்.